யார் படிப்பார் என்று தெரியாத விண்ணப்பக் கடிதத்தை எப்படித் தொடங்குவது?

'ரெஸ்பெக்டட் சார்/மேடம்' என்று தொடங்கும் ஆங்கில விண்ணப்பங்கள் இன்றும் ஹெச்ஆர் மேஜையில் குவிகின்றன. அதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எந்தக் கம்பெனிக்கும் அப்படியே அனுப்பக்கூடிய வரி அது. பார்த்ததுமே பத்து இடத்துக்குப் போன கடிதம் என்று தோன்றிவிடும். 'டு ஹூம்சோஎவர் இட் மே கன்சர்ன்' இன்னும் பொருந்தாது. அனுபவச் சான்றிதழ், போனஃபைடு போல, யார் கைக்குப் போகும் என்று கொடுப்பவருக்கே தெரியாத தாள்களுக்கான தலைப்பு அது.

ஓர் உதாரணம். கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. விளம்பரத்தில் பெயர் இல்லை, பொதுவான மெயில் ஐடி மட்டும். கடைசிவரை படித்தால் 'ரிப்போர்ட்டிங் டு: ஃபைனான்ஸ் மேனேஜர்' என்றிருக்கிறது. இனி லிங்க்ட்இனில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, ஊழியர் பட்டியலில் அந்தப் பதவியைத் தேடலாம். ஒருவர் கிடைத்தால் இரண்டைச் சரிபாருங்கள்: இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா, கோவையில்தான் வேலை பார்க்கிறாரா. ஒன்று இடித்தாலும் பெயரை விட்டுவிடுங்கள். போன வருடமே வேலையை விட்டுப் போனவர் பெயரைப் போடுவதைவிடப் பெயரே இல்லாமல் இருப்பது மேல். ஆபீஸ் நம்பருக்கு போன் செய்து, "யார் பெயருக்கு எழுதணும்?" என்றும் கேட்கலாம், பெரும்பாலும் "ஹெச்ஆருக்கு அனுப்புங்க" என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

அப்போது 'டியர் ஹயரிங் மேனேஜர்' என்று எழுதினால் போதும். பொது மெயில் ஐடியைப் பலர் திறப்பார்கள் என்பதால், இந்த விளம்பரத்துக்கு 'டியர் ஃபைனான்ஸ் ஹயரிங் டீம்' இன்னும் நன்றாகப் பொருந்தும். கன்சல்டன்சி வழியாகப் போகும் கடிதத்துக்கு 'டியர் ரெக்ரூட்மென்ட் டீம்'. வெறும் 'ஹாய்' வேண்டாம்.

பெயர் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 'ஆர். கிருபா' ஆணா பெண்ணா? தெரியாதபோது மிஸ்டரும் வேண்டாம், மிஸ்ஸும் வேண்டாம், 'டியர் ஆர். கிருபா' என்று முழுப்பெயரை எழுதுங்கள். ஆண் என்று தெரிந்தால் 'டியர் மிஸ்டர் கிருபா'. குடும்பப் பெயரைத்தான் போட வேண்டும் என்ற வெளிநாட்டு விதியை நம்மூர் இனிஷியலில் பொருத்தி, அப்பா பெயரால் அழைத்துவிடக் கூடாது.

மேலே மாற்றியவர்கள் கீழே கோட்டைவிடுவது வழக்கம். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பது பழைய சார்/மேடத்துக்கு ஜோடி. பெயர் சொல்லி எழுதினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' வரவேண்டும். 'ஹயரிங் மேனேஜர்' என்று தொடங்கினாலும் அதையே போடலாம்.

அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் தமிழில் எழுதும்போது இந்தத் தேடல் தேவையில்லை. பெறுநர் பகுதியில் பதவியையும் முகவரியையும் எழுதி, 'ஐயா/அம்மையீர்' என்று தொடங்கலாம். அங்கே அதுதான் இன்றும் நடைமுறை.