வனஸ்பதி ஏன் உறைந்து நிற்கிறது?

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பலகாரம் செய்யும் இடங்களில் தேன்குழல் மாவில் வெண்ணெயோ வனஸ்பதியோ சேர்ப்பது உண்டு. ஒரு கிலோ மாவுக்கு நூறு கிராம் அளவில் எடுத்து, தண்ணீர் தெளிக்கும் முன்பே மாவோடு நன்றாகப் பிசிறிவிடுவார்கள். கட்டிக் கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் படலமாக ஒட்டி, தண்ணீர் முழுக்க ஊறவிடாமல் தடுக்கிறது. பலகாரம் மொறுமொறுப்பாக வருவது இதனால்தான். அளவு மிஞ்சினால் மாவின் பிடிப்பு தளர்ந்து, பிழிந்தது வாணலியிலேயே பிரிந்துபோகும்.

வெண்ணெய் இயல்பிலேயே கட்டி. வனஸ்பதியோ கடலை எண்ணெய் போன்ற திரவத்தைக் கட்டியாக்கிப் பிறந்தது. அது எப்படி நடந்தது என்பதற்குக் கொழுப்பமிலச் சங்கிலியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய், கொழுப்பு எதுவானாலும் அதில் பெரும்பகுதி நீண்ட கார்பன் சங்கிலிகள்தான். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லையென்றால் அது நிறைவுற்ற கொழுப்பமிலம். நேராக நீண்டு நிற்கும். இரட்டைப் பிணைப்பு இருந்தால் நிறைவுறாதது. இயற்கை எண்ணெய்களில் அந்த இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும். சவுக்குக் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கலாம், கோணல்மாணலான கருவேல விறகை அப்படி அடுக்க முடியாது. நேரான சங்கிலிகள் நெருங்கிப் படிந்து ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால் அவற்றைப் பிரிக்க அதிக வெப்பம் தேவை. பதினெட்டு கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் ஏறத்தாழ 69 டிகிரியில் உருகுகிறது. அதே நீளத்தில் ஒரே ஒரு வளைவு உள்ள ஒலியிக் அமிலத்துக்கு 13 டிகிரியே போதும். இரண்டு வளைவுள்ள லினோலியிக் அமிலம் பூச்சியத்துக்குக் கீழும் திரவமாகவே இருக்கும்.

சங்கிலியின் நீளமும் கணக்கில் உண்டு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்புதான். ஆனாலும் அதில் பாதியளவு பன்னிரண்டு கார்பன் மட்டுமே உள்ள லாரிக் அமிலம் என்பதால் 24 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்திருந்து, வெயில் ஏறியதும் இளகுவது இதனால்தான்.

இனி ஆலைக்குள் போவோம். கடலை எண்ணெயில் அதிகம் இருப்பவை ஒலியிக்கும் லினோலியிக்கும். முதலில் எண்ணெயைச் சுத்திகரிக்க வேண்டும். பசைப்பொருளோ சோப்போ கந்தகமோ தங்கினால் வினையூக்கியான நிக்கல் செயலிழந்துவிடும். மாவாகத் தூளாக்கிய நிக்கலைச் சிறிதளவு சேர்த்து, மூடிய கலத்தில் 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி, கலக்கிக்கொண்டே ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்துவார்கள். இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏற, வளைவு நிமிரும். ஒரு டன் எண்ணெயை வனஸ்பதிப் பதத்துக்குக் கொண்டுவர இரண்டு கிலோ அளவு ஹைட்ரஜனே போதும். இந்த வினையில் வெப்பம் தானாகவே வெளிப்படுவதால், கலத்தைக் குளிர்வித்துக்கொண்டே இருக்காவிட்டால் எண்ணெய் சூடு மிஞ்சும். கடைசியில் நிக்கலை வடிகட்டி, வாடையை நீராவியால் போக்குகிறார்கள்.

வினையை முழுமையாக நடக்கவிட்டால் கிடைப்பது ஸ்டியரிக் நிறைந்த, மெழுகுபோன்ற கட்டி. அதை மாவில் பிசிற முடியாது. அதனால் பாதியில் நிறுத்தினார்கள். சிக்கல் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. நிக்கல் பரப்பில் ஒட்டிய சங்கிலி முதல் ஹைட்ரஜன் அணுவை ஏற்றுக்கொண்டு, இரண்டாவது கிடைக்காமல் மறுபடி விடுபடும்போது இரட்டைப் பிணைப்பு திரும்ப உருவாகும். ஆனால் பழைய வளைவோடு அல்ல; பெரும்பாலும் நேராக நிமிர்ந்த வடிவத்தில். இதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு. ஒலியிக் அமிலத்தின் ட்ரான்ஸ் வடிவமான எலைடிக் அமிலம் 44 டிகிரி அளவில் உருகுகிறது. அணுக்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை, வடிவம் நிமிர்ந்ததற்கே 30 டிகிரி கூடிவிட்டது. பழைய வனஸ்பதி உறைந்து நின்றதில் இந்த நிமிர்ந்த சங்கிலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சூடு அதிகமாகி ஹைட்ரஜன் போதாமல் போனால் இவை பெருகும். அழுத்தத்தைக் கூட்டிச் சூட்டைக் குறைத்தால் குறையும், முற்றிலும் போகாது.

உடலில் ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தி, நல்லதையும் குறைக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு முதல் கெடுதலைச் செய்தாலும் நல்லதை இப்படிக் குறைப்பதில்லை. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழில்முறை ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால் கட்டிக் கொழுப்பு தேவைப்படும் இடத்தில், பனையெண்ணெயிலிருந்து பிரித்த கட்டிப் பகுதியைத் திரவ எண்ணெயோடு கலந்து, சங்கிலிகளை இடம்மாற்றிச் செய்கிறார்கள். அதில் ட்ரான்ஸ் மிகக் குறைவு. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு நிறையவே உண்டு. பலகாரக்காரர் டின்னை வாங்கும்போது ட்ரான்ஸ் வரியோடு அந்த வரியையும் படித்துவிட வேண்டும்.

வனஸ்பதி சேர்த்த பலகாரம் நாக்கின் மேல்தட்டில் பூசினாற்போல் நிற்பதற்கும் உருகுநிலைதான் காரணம். வாயின் சூடு 37 டிகிரிக்குள்தான். வெண்ணெய் அதற்கு முன்பே கரைந்துவிடும். அதற்கு மேல் உருகும் கொழுப்பு கரையாமல் அப்படியே படிகிறது. விருந்துக்குச் செய்யும் தேன்குழலில் வெண்ணெய் போட்டதா, வனஸ்பதி போட்டதா என்பதை ஒரு வாய் கடித்ததும் இந்தப் பூச்சை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.