மிஸ் பண்ணுதல்: தவறவிட்டதா, தேடுகிறதா?

சில ஆண்டுகளுக்கு முன், திருநெல்வேலியிலிருந்து வரும் அப்பாவை அழைத்துச் செல்வதற்காக நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். நான் ஒரு பக்கம் நின்றிருக்க, அவர் மறுபக்கம் இறங்கித் தக்கலை பேருந்தில் ஏறிப் போய்விட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘அப்பாவ மிஸ் பண்ணிட்டேன்’ என்று எழுதினேன். அடுத்த நிமிடமே வெளிநாட்டில் இருக்கும் தங்கை அழுதுகொண்டே அழைத்தாள்: “அண்ணே, அப்பாக்கு என்ன ஆச்சு?” இரங்கல் சுவரொட்டிகளிலும் நினைவுநாள் பதிவுகளிலும் அந்தச் சொல்லையே பார்த்துப் பழகியவளுக்கு, அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார் என்றே அது பொருள்பட்டிருக்கிறது. அவள் படித்ததில் பிழையே இல்லை. நான் எழுதிய வாக்கியம்தான் இரண்டு பொருளுக்கும் இடம் தந்திருந்தது.

ஆங்கிலத்தில் ‘மிஸ்’ என்ற வினையின் பழைய பொருள் குறி தப்புதல், எறிந்தது இலக்கில் படாமல் போதல் என்பதாகும். வண்டியைத் தவறவிடுவதும் வாய்ப்பு கைநழுவுவதும் அந்தப் பொருளின் நேரான நீட்சியே. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லை என்று உணர்வதும், இல்லாதவரை நினைத்து வருந்துவதும் அதே வினையில் பின்னர் வந்து சேர்ந்த பொருள்கள். பள்ளியில் ஆசிரியையைப் பிள்ளைகள் அழைக்கும் ‘மிஸ்’ இதனோடு உறவில்லாதது. அது ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல்லின் குறுக்கம்.

தமிழ் இந்த வினையை ‘பண்ணு’, ‘ஆகு’ என்ற துணைவினைகளோடு சேர்த்துக்கொண்டது. ‘செயின் மிஸ் ஆயிட்டு’ என்றால் தொலைந்துவிட்டது; ‘பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்’ என்றால் தவறவிட்டேன். இவற்றில் குழப்பம் எழுவதில்லை, ஏனெனில் பேருந்துக்காக யாரும் ஏங்குவதில்லை. செயப்படுபொருள் மனிதராக இருக்கும்போதுதான் சொல் இரண்டாகப் பிரிகிறது, அங்கே பொருளைப் பெரும்பாலும் காலமே முடிவு செய்கிறது. ‘ஒன்ன மிஸ் பண்றேன்’ என்ற நிகழ்காலம் ஏக்கத்தையே தரும், ஏனெனில் ஏக்கம் நீண்டு நிற்கும் நிலை. ‘மிஸ் பண்ணிட்டேன்’ என்பதில் ‘விடு’ ஒளிந்திருப்பதால் (பண்ணிவிட்டேன்) செயல் ஒரே தடவையில் நடந்து முடிந்துவிட்டது என்ற சாயல் வருகிறது. அதனால் அது சந்திக்காமல் போனதையே முதலில் சுட்ட வேண்டும். ஆனால் பிரிவும் ஒரே தடவையில் நடந்து முடிவதுதான் என்பதால், இழப்பைச் சொல்லவும் மக்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். என் வாக்கியம் விழுந்தது இந்த இடுக்கில்தான்.

இடச்சொல் ஒன்றைச் சேர்த்திருந்தால் போதும், தங்கை அழுதிருக்க மாட்டாள். ‘வடசேரியில அப்பாவ மிஸ் பண்ணிட்டேன்’ என்பதில் ஊர்ப்பெயர் வினையைச் சந்திப்பின் பக்கம் இழுத்துவிடுகிறது. ‘ரொம்ப’ என்ற சொல் வந்தால், தவறவிடுதலுக்கு அளவு கிடையாது என்பதால், அதே வினை ஏக்கத்தின் பக்கம் சாய்ந்துவிடும். எதிர்காலத்தில் இந்த அடையாளங்களும் தளர்கின்றன. ‘நாளைக்கு ஒன்ன மிஸ் பண்ணுவேன்’ என்று விடுதி நண்பன் சொன்னால், நாளை நீ வரும் நேரத்தில் நான் இருக்க மாட்டேன் என்கிறானா, நீ போன பிறகு வருந்துவேன் என்கிறானா என்பது அவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நிகரான தமிழ்ச்சொல் ஒன்றே ஒன்றாக இருக்க முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். வண்டி, வாய்ப்பு, நிகழ்ச்சி என்றால் ‘தவறவிடு’. பேச்சில் ‘பஸ்ஸ விட்டுட்டேன்’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள், அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. பொருள் என்றால் ‘தொலைந்துவிட்டது’, ஆளாக இருந்தால் ‘காணவில்லை’. மனிதர்மேல் உள்ள ஏக்கத்துக்குப் பலரும் ‘இல்லாததை உணர்கிறேன்’ என்று எழுதுகிறார்கள். அது ஆங்கில அகராதி விளக்கத்தைத் தமிழ் எழுத்தில் படிப்பது போல இருக்கிறது. அதற்கு நம்மிடம் ‘தேடு’ என்ற வினை உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனிடம் தொலைபேசியில் பாட்டி, “பிள்ள ஒன்னத் தேடுது மக்ளே” என்பாள். குழந்தை எங்கும் எழுந்து போய்த் தேடவில்லை, தொட்டிலில்தான் கிடக்கிறது. ஆனால் அவனுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைக்கும்.

‘தேடு’ என்பதற்கும் இரட்டைப் பொருள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து சொல்லும்போது ஏக்கமாகக் கேட்கும் ‘அம்மா ஒன்னத் தேடுறா’ என்ற வாக்கியம், திருவிழாக் கூட்டத்தில் சொல்லும்போது, உன்னைக் கண்டுபிடிக்க அலைகிறாள் என்றாகிவிடும். ஐயத்துக்கு இடம் இருக்கும் என்று தோன்றினால் ‘நினைத்து ஏங்குகிறாள்’ என்று எழுதிவிடுவேன். அன்று நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘வடசேரியில அப்பாவப் பாக்காம விட்டுட்டேன், தக்கலை பஸ்ல ஏறிட்டாங்க.’