நான்கு பட்டைகளும் ஒரு கிணற்று உப்பும்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், கடலோரக் கிணறு ஒன்றின் தண்ணீரை எங்கள் குழு சோதித்து வருகிறது. நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வருகிறதா என்று பார்க்கக் குளோரைடு அளவு நல்ல அடையாளம். ஊர்க்கூட்டத்தில் காட்டுவதற்காக, கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் பட்டை வரைபடம் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். 2021 முதல் 2024 வரை நான்கு பட்டைகள். முதல் பட்டை குட்டையாக நிற்க, கடைசிப் பட்டை அதைப்போல மூன்று மடங்கு உயர்ந்திருந்தது. பார்த்தவுடன் எனக்கே பகீரென்றது. அப்புறம் எண்களைப் பார்த்தேன்: லிட்டருக்கு 210, 226, 229, 232 மில்லிகிராம்.

அன்றிரவு அவருக்கு எழுதிய மின்னஞ்சல் இது.

தம்பி, வணக்கம். நான்கு வருட அளவீட்டை ஒரே படத்தில் கொண்டுவந்தது நல்ல வேலை. ஊரில் காட்டுவதற்கு முன் மூன்று இடங்களை மட்டும் மாற்றிவிடுவோம்.

முதலில் இடப்பக்க அச்சு. அது 200-இல் தொடங்குகிறது. அதனால் 210-க்கான பட்டை 10 அலகு உயரம், 232-க்கான பட்டை 32 அலகு உயரம். கண்ணுக்கு 3.2 மடங்கு தெரிகிறது; உண்மையில் கூடியிருப்பது சுமார் 10 சதவீதம். பட்டையைப் பார்க்கிறவர் அச்சில் இருக்கும் எண்ணைப் படிப்பதில்லை, நீளத்தைத்தான் ஒப்பிடுகிறார். நீளம் எண்ணுக்கு ஏற்றபடி இருக்க வேண்டுமானால் அடி பூஜ்யத்தில்தான் இருக்க வேண்டும். இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சின் அடியை வெட்டிவிடும். `Format Axis` பகுதியில் `Minimum` என்பதை 0 ஆக்கினால் சரியாகிவிடும்.

பூஜ்யத்தில் தொடங்கினால் நான்கும் ஒரே உயரமாகத் தெரிகிறதே என்று நினைப்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் பட்டையை விட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள். புள்ளியில் நாம் பார்ப்பது நீளத்தை அல்ல, அது இருக்கும் இடத்தை. அதற்கு அச்சு 200-இல் தொடங்கினாலும் பரவாயில்லை. தொடங்கும் எண்ணைத் தெளிவாக எழுதினால் போதும். புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-இல் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, பொதுவான ஒரே அச்சில் இருக்கும் இடங்களை ஒப்பிடுவதில்தான் பிழை மிகக் குறைவாக இருந்தது.

இரண்டாவது, எனக்கு அதிகம் உறுத்தியது. கீழே வெறும் ஆண்டு மட்டும் இருக்கிறது. பதிவேட்டைப் புரட்டினேன். 2021-ஆம் ஆண்டு மாதிரி ஜனவரியில் எடுத்தது. மே மாதம் ஊரடங்கு. மற்ற மூன்றும் மே. 2020 நவம்பர் கடைசியில் நிவர், டிசம்பரில் புரெவி என்று மழை கொட்டித் தீர்த்த கையோடு எடுத்த தண்ணீர் அது. மழைநீர் கலந்து உப்பு நீர்த்துப் போயிருக்கும். ஆக முதல் பட்டைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தெரியும் அந்தப் பெரிய ஏற்றத்தில், வருடம் எவ்வளவு, பருவம் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. ஜனவரிப் புள்ளிக்கு வேறு நிறம் கொடுத்து, மாதத்தையும் எழுதிவிடுங்கள். அதை மே புள்ளிகளோடு கோடு போட்டு இணைக்க வேண்டாம்.

மே மாதங்களை மட்டும் பார்த்தால் 226-இலிருந்து 232. ஆறு மில்லிகிராம். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாகத் திரும்பும் நொடியில் நிறுத்துகிறோம் அல்லவா? ஒரே தண்ணீரை நீங்களும் நானும் தனித்தனியே சோதித்தபோது மூன்று மில்லிகிராம் வித்தியாசம் வந்தது ஞாபகம் இருக்கும். அந்த மூன்றை ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் சிறு கோடாகக் காட்டுங்கள். ஏற்றம் எவ்வளவு சின்னது என்று படமே சொல்லிவிடும்.

மூன்றாவது, வலப்பக்க அச்சில் ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கை. குளோரைடும் அதுவும் ஒட்டிக்கொண்டு ஏறுவது போல இருப்பதற்குக் காரணம், இரண்டு அச்சுக்கும் நாம் தனித்தனியாக அளவு தேர்ந்தெடுத்ததுதான். வலப்பக்க அளவை மாற்றிப் பாருங்கள், அந்த ஒட்டுதல் கலைந்துவிடும். அதை அடியில் தனிப் படமாக வைத்துவிடலாம்.

ஒன்றைச் சேர்க்கவும் வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஏற்கத்தக்க குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1000 வரை அனுமதி. 250-இல் ஒரு கிடைக்கோடு போடுங்கள். “கடல் உள்ளே வந்துடுச்சா சார்?” என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் தூரம் அதிகமில்லை. ஏறுகிறதா என்று சொல்ல இன்னும் சில மே மாத அளவீடுகள் வேண்டும் என்று அந்தக் கோட்டைக் காட்டியே சொல்லலாம்.

மறுநாள் மதியம் புதுப் படம் வந்தது. மூன்று நீலப் புள்ளிகள், தனியே ஒரு சாம்பல் புள்ளி, அதன் அருகில் “ஜனவரி, புயல் மழைக்குப் பின்” என்று எழுதியிருந்தார்.