எக்கோவை முழுசாகக் குறைத்தும் குரல் இரட்டையாகக் கேட்டால்

கரோக்கே ஸ்பீக்கரை எங்கள் சர்வீஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான்: "பாடுனா குரல் லேட்டா வருது." திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஸ்பீக்கரில் பழுதே இருக்காது. குரல் எந்த வழியாகப் போகிறது என்று கவனித்தால் போதும்.

வயர்லெஸ் மைக்கில் பாடும் குரல் போனுக்குள் போவதே இல்லை. மைக்கிலிருந்து ரிசீவருக்கும், அங்கிருந்து நேராக ஸ்பீக்கருக்கும் போகிறது. இந்த வழியில் ஏற்படும் தாமதம் காதுக்குத் தெரியாது. போனிலிருந்து ப்ளூடூத்தில் வருவது பாட்டு மட்டும்தான். அது சுமார் 0.2 நொடி பிந்தி வரும். வந்தால் என்ன? பாடுகிறவர் ஸ்பீக்கரில் கேட்கும் இசையோடுதான் சேர்ந்து பாடுகிறார். போன் திரையில் பாட்டு வரிகள் கொஞ்சம் முந்தி ஓடலாம், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இரண்டு மைக் உள்ள ட்ராலி ஸ்பீக்கரோடு வந்தார். "எக்கோவ சுத்தமா கொறைச்சுட்டேன் தம்பி, அப்பவும் ரெண்டு பேர் பாடுற மாதிரி கேக்குது" என்றார். போனில் பாட்டை நிறுத்தி, ஆப்பை மூடிவிட்டு மைக்கை விரலால் தட்டினேன். 'டொக்' என்று ஒரே சத்தம். "எப்படிப் பாடுவீங்களோ அப்படியே வைங்கம்மா" என்றதும், அவர் பாடும் ஆப்பைத் திறந்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டார். மறுபடி தட்டினால் 'டொக்... டொக்'. போன் வால்யூமைப் பூஜ்யமாக்கியதும் இரண்டாவது சத்தம் காணாமல் போனது.

அதாவது, போன் தன் சொந்த மைக்கில் அவர் குரலைப் பிடித்து, ப்ளூடூத் வழியாகத் திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பாடும் ஆப்களில் 'மானிட்டர்' என்றோ அதுபோன்ற பெயரிலோ இருக்கும் வசதி இது. ஹெட்ஃபோன் போட்டுப் பாடுகிறவர்களுக்கானது. அதை அணைத்ததும் சரியாகிவிட்டது. ஸ்பீக்கரில் எந்தத் திருகைத் திருகினாலும் இது போகாது, ஏனென்றால் ஸ்பீக்கருக்கு அது பாட்டோடு சேர்ந்து வரும் இன்னொரு சத்தம்.

ரெக்கார்டிங் தொடங்கியதும் பாட்டே டெலிபோனில் கேட்பதுபோல் மொண்ணையாக மாறினால் அது வேறு கதை. போன் ப்ளூடூத்தை அழைப்புக்கான முறைக்கு மாற்றிவிட்டது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலில் அந்த ஸ்பீக்கரின் அமைப்பைத் திறந்து, அழைப்புக்கான பொத்தானை அணைத்து, மீடியாவுக்கானதை மட்டும் விட்டுவைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஆப்பில் பதிவு செய்து பகிர்கிறவர்களுக்கு ஆக்ஸ் வயர்தான் நிம்மதி. ப்ளூடூத்தில் இசை பிந்திக் கேட்பதால், அதோடு சேர்ந்து பாடும் குரலும் பதிவில் பிந்தி விழும். பிறகு ஆப்பில் குரலை நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஹெட்ஃபோன் துளை இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றி வேண்டும். எல்லா மாற்றியும் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

இனி ஸ்பீக்கரின் எக்கோ. மைக் பக்கம் 'எக்கோ', 'டிலே' என்று இரண்டு திருகுகள் இருக்கும். 'டிலே'வைக் குறைத்தால் தாமதம் போய்விடும் என்று பலர் அதையே திருகுகிறார்கள். அது எக்கோ எவ்வளவு இடைவெளியில் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்கானது. எக்கோ பூஜ்யத்தில் இருந்தால் அதற்கு வேலையே இல்லை. இரண்டையும் முழுசாகக் குறைத்துவிட்டு, முதலில் மைக் வால்யூமைப் பாட்டுக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு வரி பாடிக்கொண்டே எக்கோவை மெல்லக் கூட்டுங்கள். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறத் தொடங்கினால் அது அதிகம், கொஞ்சம் பின்வாங்குங்கள். வேகமான பாட்டுக்கு இன்னும் குறைவாக வேண்டும். குரலில் இருக்கும் பிசிறை மறைக்க எக்கோவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. பிசிறும் இரண்டு முறை கேட்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

'கீ' என்று வீறிடும் சத்தம் எக்கோ அல்ல. ஸ்பீக்கரில் வந்த சத்தத்தை மைக் திரும்பப் பிடிக்கிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காமல், அதற்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ நின்று, மைக்கை வாயருகே பிடித்து, மைக் வால்யூமைக் குறைத்தால் அடங்கும். சல்லடைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் இதற்குக் காரணம். சிறுவர்கள் கையில் மைக் போனால் முதலில் நடப்பது அதுதான்.

கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் மட்டும் இவ்வளவு செய்தும் எக்கோ மிச்சமிருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தள்ளியுள்ள வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்ப 0.1 நொடி ஆகும். எந்தத் திருகும் அதைக் குறைக்காது. ஸ்பீக்கரைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, மொத்த வால்யூமைக் குறைத்து, எக்கோவைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். அங்கே மண்டபமே எக்கோ போட்டுக்கொடுக்கிறது.