சிறு திருத்தம்: பிழைத்திருத்தம் அல்ல

ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்களின் அறிக்கைப் படிவங்களைத் தமிழாக்குபவர்கள் 'மைனர் கரெக்‌ஷன்ஸ்' என்ற பரிந்துரையைத் தொடர்ந்து 'சிறு பிழைத்திருத்தங்கள்' என்றே எழுதி வருகிறார்கள். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, பக்க எண் மாறியது, இவைதான் பிழைத்திருத்தம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் செய்கிற வேலை அது. தேறுமா தேறாதா என்று இழுபறியாக நிற்கும் ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்குத் தேர்வாளர் 'மைனர்' என்று பரிந்துரைப்பது வேறு பொருளில்.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மைனர் என்பது லத்தீனில் 'இன்னும் சிறியது' என்று பொருள்படும் ஒப்பீட்டுச் சொல். நம்மூரில் வயது வராத பிள்ளையும் மைனர்தான், மல்லுவேட்டி கட்டித் திரிந்த பணக்காரவீட்டு இளைஞரும் மைனர்தான். அதை விட்டுவிடுவோம். கரெக்‌ஷன் என்பதன் வேரிலும் நேராக்குதல் என்ற பொருளே இருக்கிறது. தமிழில் திருந்து, திருத்து, திருத்தம். காட்டைத் திருத்திக் கழனியாக்குகிறோம், திருத்தமாகப் பேசுகிறோம். ஆக, திருத்துவதற்குப் பிழை இருந்தாக வேண்டும் என்பதில்லை. காட்டில் என்ன பிழை?

குழப்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. பள்ளியில் 'பேப்பர் திருத்துவது' ஆசிரியர். ஆய்வேட்டில் திருத்த வேண்டியவர் மாணவர், தேர்வாளர் சொல்ல மட்டுமே செய்கிறார். இதற்கிடையில் சட்டத் திருத்தமும் வந்து சேர்கிறது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல் 'சிறப்புத் தீவிர திருத்தம்' வேறு. ஆங்கிலத்தில் மூன்று சொற்களால் பிரித்துச் சொல்வதை நாம் ஒரே சொல்லால் சொல்லி வருகிறோம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் முன்னால் 'பிழை' என்று ஒட்டியதும் அது எழுத்துப்பிழை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 'சிறு திருத்தம்' என்று எழுதினால் போதும். அதற்கு மேற்பட்டது 'பெருந்திருத்தம்'. திரும்ப எழுதித் தேர்வாளரிடமே வர வேண்டியது 'மறுசமர்ப்பிப்பு'.

இதில் 'சிறு' என்பது எதை அளக்கிறது? திருத்தங்களின் எண்ணிக்கையை அல்ல. முப்பது இடங்களில் மேற்கோள் வடிவத்தைச் சீராக்கச் சொன்னாலும் அது சிறு திருத்தமே. ஒரே ஓர் இடத்தில் 'இந்த முடிவுக்குத் தரவு இல்லை' என்றால் அது சிறு திருத்தம் ஆகாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு. மாணவர் தம் கையில் ஏற்கெனவே உள்ள தரவை வைத்துக்கொண்டு, மீண்டும் களத்துக்குப் போகாமல் இதைச் செய்ய முடியுமா? செய்தபின் ஆய்வின் மைய முடிவு நிற்குமா? இரண்டுக்கும் விடை 'ஆம்' என்றால் சிறு திருத்தம்.

ஓர் ஆய்வேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தலைப்பு: கடற்கரை மீனவர் பேச்சில் காற்றின் பெயர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் ஆகியவற்றின் பொருள் ஊருக்கு ஊர் எப்படி நகர்கிறது என்பதுதான் ஆய்வு. இராமநாதபுரம் கரையில் மூன்று ஊர்களில் பதிவு செய்திருக்கிறார். அட்டவணைகள் நன்றாக உள்ளன. ஆனால் முடிவுரையில் 'தமிழகக் கடற்கரை முழுவதும்' என்று எழுதிவிட்டார். இரண்டாம் இயலில் தகவலாளிகள் 40 பேர், பிற்சேர்க்கையில் 38 பேர். முன்னாய்வு இயலில் இலங்கைக் கரையோர வழக்கைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

கூற்றை மூன்று ஊர்களோடு நிறுத்தினால் வாதம் சுருங்கும், விழாது. ஊர்களுக்கிடையே பொருள் நகர்கிறது என்ற மைய முடிவு அந்த மூன்று ஊர்த் தரவிலேயே நிற்கிறது. 40-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசத்தை 'இருவரின் ஒலிப்பதிவு தெளிவில்லாததால் சேர்க்கவில்லை' என்பது போன்ற ஒரு வரியில் விளக்கினால் போதும், உண்மையில் அதுதான் நடந்திருந்தால். முன்னாய்வுக்கு இரண்டு பக்கம் சேர்த்தால் முடிந்தது. எல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆனால் ஒலிப்பதிவே கையில் இல்லை, நினைவிலிருந்துதான் அட்டவணை போட்டார் என்று வாய்மொழித் தேர்வில் தெரியவந்தால் கதை மாறிவிடும். அப்போது தேர்வாளர் 'சிறு' என்று எழுதினால் அது பரிவு, மதிப்பீடு அல்ல.

இந்த இழுபறி நிலைக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்டுபிடித்த சொல்லையும் சொல்லியாக வேண்டும்: 'விளிம்புநிலை ஆய்வேடு'. விளிம்புநிலை மக்கள், விளிம்புநிலை ஆய்வுகள் என்று அந்தச் சொல் ஒடுக்கப்பட்டோர் குறித்த துறைக்கு நிலைத்துப் பல காலம் ஆயிற்று. 'விளிம்புநிலை ஆய்வேட்டைச் சிறு பிழைத்திருத்தங்களுடன் ஏற்கலாம்' என்று எழுதினால் படிப்பவர் தலித் இலக்கிய ஆய்வேட்டில் ஒற்றுப்பிழை என்றுதான் புரிந்துகொள்வார். 'தேர்ச்சியின் எல்லையில் நிற்கும் ஆய்வேடு' என்று நாலு சொல்லில் எழுதுவதில் என்ன சிரமம்? எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கும் ஆசைதான் கலைச்சொல்லாக்கத்தைக் கெடுக்கிறது.

எல்லையில் நிற்கிற ஆய்வேட்டுக்கு அறிக்கை எழுதும்போது இரண்டு பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும்: ஏன் அப்படியே ஏற்கவில்லை, ஏன் மறுசமர்ப்பிப்பு கேட்கவில்லை. பலர் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள். மூன்று பக்கத்துக்குக் கடுமையாகக் குறை சொல்லிவிட்டுக் கடைசி வரியில் 'சிறு திருத்தங்களுடன் பரிந்துரைக்கிறேன்' என்பார்கள். பல்கலைக்கழகக் குழு அதைப் படித்துவிட்டு, உரைக்கும் பரிந்துரைக்கும் பொருத்தமில்லை என்று திருப்பி அனுப்பினால் தவறு குழுவினுடையது அல்ல. நம் காற்றுப் பெயர் ஆய்வேட்டுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"முடிவுரையின் பொதுமைக் கூற்றுக்குத் தரவு போதாது. எனவே இந்த வடிவிலேயே ஏற்க இயலவில்லை. எனினும் மூன்று ஊர்களின் சொற்பொருள் வேறுபாடு இயல் நான்கில் ஒலிப்பதிவுச் சான்றுடன் நிறுவப்பட்டுள்ளது. முதுநிலைப் பட்டத்துக்கு அது போதும். கேட்கப்படும் திருத்தங்களுக்குப் புதிய களப்பணி தேவையில்லை. அவை அந்த முடிவை மாற்றமாட்டா. ஆதலால் மறுசமர்ப்பிப்பைக் கோரவில்லை. திருத்தங்களை உள்நிலைத் தேர்வாளர் சரிபார்த்தால் போதும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. சிறு திருத்தம் என்றால் ஆய்வேடு வழக்கமாகப் புறத்தேர்வாளரிடம் திரும்பி வராது. யார் சரிபார்ப்பது, எத்தனை நாளுக்குள் என்பது அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. பிரிட்டனில் பல இடங்களில் மூன்று மாதம் வரை தருவார்கள். சரிபார்ப்பவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். அதனால் பட்டியலின் வினைமுற்றுகள் திட்டமாக இருக்க வேண்டும். இங்கேதான் மொழிபெயர்ப்புத் தமிழ் உண்மையாகவே தீங்கு செய்கிறது. 'முடிவுரையின் கூற்று சுருக்கப்படலாம்', 'எண்ணிக்கை விளக்கப்படலாம்' என்று எல்லாம் 'லாம்'. மாணவர் அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார், உள்நிலைத் தேர்வாளர் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவைப்பார். கட்டாயமானதைத் தனியாகப் பிரித்து, பக்க எண்ணோடு, 'பக்கம் 112: தமிழகக் கடற்கரை முழுவதும் என்பதை ஆய்வு செய்த மூன்று ஊர்களில் என்று மாற்ற வேண்டும்' என்று எழுதுங்கள். விருப்பமானதைக் கீழே வேறு தலைப்பில் 'செய்தால் நன்று' என்று போடுங்கள். ஒற்றுப்பிழைப் பட்டியல் அதற்கும் கீழே, தனித்தாளில். அந்தத் தாளுக்கு வேண்டுமானால் பிழைத்திருத்தம் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும்.