மாரடைப்புக்குப் பின் இதயத்தசை கிழிந்தால்

மாரடைப்பு வந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த 66 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலியை வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். இ.சி.ஜி. இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு ஏற்பட்டிருப்பதைக் காட்டியது. அடைபட்டிருந்தது வலது கரோனரி ரத்தக்குழாய். சிகிச்சைக்குப் பிறகு வலி தணிந்தது. இரண்டு நாள்கள் கழிந்து, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேறினார். மூன்றாம் நாள் இரவு, சில நிமிடங்களுக்குள், படுக்க முடியாத மூச்சுத்திணறல் வந்துவிட்டது. ரத்த அழுத்தம் 80/60, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 126. நுரையீரல் முழுவதும் நீர்க்கோப்பின் ஒலி. பணியிலிருந்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டபோது, குறிப்பிடும்படியான முணுமுணுப்பு ஒலி எதுவும் இல்லை.

இந்த ஒலியின்மைதான் ஏமாற்றுகிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் மூன்றாம் நாள் என்பதன் பொருளைப் பார்க்க வேண்டும். ரத்தம் நின்றுபோன தசை உடனே கரைந்துவிடுவதில்லை. செத்த செல்கள் சில நாள்களுக்குத் தம் இடத்திலேயே நிற்கின்றன. பிறகு வெள்ளை அணுக்கள் அங்கே குவிந்து, செத்த தசையையும் அதைப் பிணைத்து வைத்திருந்த கொலாஜன் இழைகளையும் நொதிகளால் அரித்து அப்புறப்படுத்துகின்றன. புதிய கொலாஜன் சேர்ந்து உறுதியான தழும்பாக மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பழையது போய்ப் புதியது வராத இந்த இடைவெளி ஏறத்தாழ மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை நீள்கிறது. நோயாளி தேறிவருவதாக வீட்டார் நம்பத் தொடங்கும் நாள்களும் அவையே. முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் கிழிசல்கள் நேர்வதுண்டு. அப்போது அரிப்பைவிட, செத்த தசைக்குள் ரத்தம் கசிந்து பிளப்பதும், உயிருள்ள தசை சுருங்கும்போது செத்த விளிம்பு இழுபடுவதுமே காரணமாகின்றன.

அந்தப் பெண்ணின் இதயத்தில் கிழிந்தது பாப்பில்லரி தசை. இடது கீழறையின் உட்சுவரிலிருந்து விரல்போல எழும்பி நிற்கும் இரண்டு தசைகள், நூல்போன்ற நாண்களால் மைட்ரல் வால்வின் இதழ்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் தடுப்பது இந்தப் பிடிதான். முன்பக்கத் தசைக்கு இரண்டு ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தம் வருகிறது. பின்பக்கத் தசைக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. ஆகவே இதயத்தின் அடிப்பகுதி மாரடைப்பில் பின்பக்கத் தசையே மிக அதிகமாகக் கிழிகிறது. மாரடைப்பு பெரியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிறிய அளவில் தசை செத்திருந்தாலும், செத்த இடம் அந்தத் தசையின் அடியாக இருந்தால் போதும்.

இனி ஒலிக்கு வருவோம். குறுகிய வழியில் ரத்தம் வேகமாகப் பீறிடும்போதுதான் முணுமுணுப்பு பிறக்கிறது. அந்த வேகத்தைத் தருவது இரு அறைகளுக்கு இடையே உள்ள அழுத்த வேறுபாடு. தசை கிழிந்ததும் வால்வு அகலத் திறந்துகொள்கிறது. ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து மேலறையை நிரப்புகிறது. நாள்பட்ட வால்வுக் கசிவில் மேலறை மெல்ல விரிந்து இடம் கொடுத்திருக்கும். இங்கே அதற்கு நேரமே கிடைக்கவில்லை. சிறிய, இறுக்கமான மேலறைக்குள் அழுத்தம் சட்டென்று 50-க்கு மேல் ஏறுகிறது, கீழறையின் அழுத்தமோ 80-க்கு இறங்கிவிட்டது. வேறுபாடு சுருங்கிவிட்டதால் ஒலி மெலிந்து, சீக்கிரமே முடிந்து, சில நேரம் கேட்காமலே போகிறது. கசிவு மிக மோசமாக இருப்பதால்தான் ஒலி இல்லை. ‘ஒலி கேட்கவில்லை, ஆகவே வால்வு நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வதைவிட ஆபத்தான தவறு அந்த இரவில் வேறில்லை என்பேன்.

இதயத்தை ஒலியலைகளால் படம்பிடித்துக் காட்டும் எக்கோ எடுத்ததும் விடை கிடைத்தது. வால்வின் ஓர் இதழ் பிடியற்று மேலறைக்குள் புரள, அதன் நுனியில் அறுந்த தசைத்துண்டு ஊசலாடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: இடது கீழறை வலுவாகவே சுருங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் விழுந்து உடல் அதிர்ச்சி நிலையில் துவண்டு கிடக்க, திரையில் கீழறை துள்ளி இயங்கினால், இதயம் பலவீனத்தால் தோற்கவில்லை, எங்கோ கிழிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இதே மூன்றாம் நாளில் இதே மூச்சுத்திணறலோடு மற்றொருவர் வந்து, அவருக்கு இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவர் கிழிந்திருந்தால் கதை மாறும். இடது கீழறையில் 85, வலது கீழறையில் 40 என்று அழுத்தம் இருந்தாலும் இடைவெளி பெரியதே. எனவே மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில் கரடுமுரடான உரத்த ஒலி கேட்கிறது. பாதிப் பேரிடம் உள்ளங்கையை வைத்தாலே அதிர்வு தெரியும். நுரையீரல் நீர்க்கோப்பு முந்தைய நோயாளியின் அளவுக்கு இருப்பதில்லை. கழுத்துச் சிரை புடைப்பது போன்ற வலப்பக்கத் தளர்ச்சியின் அறிகுறிகள் முன்னே நிற்கும்.

ரத்த ஆக்சிஜனை அளந்தும் இதை உறுதி செய்யலாம். வலது மேலறையில் ஆக்சிஜன் செறிவு 58 சதவீதம், நுரையீரல் தமனியில் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உடலைச் சுற்றி வந்த ரத்தம் நுரையீரலை அடைவதற்கு முன்பே சிவந்துவிட்டது என்றால், இடப்பக்கத்து ரத்தம் ஓட்டை வழியாக அதில் கலக்கிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தத்தின் செறிவு 96 எனக் கொண்டால், (96−58) ÷ (96−80), அதாவது 38-ஐ 16-ஆல் வகுக்க ஏறத்தாழ 2.4 வருகிறது. உடலுக்கு ஒரு லிட்டர் போகும் நேரத்தில் நுரையீரலுக்கு 2.4 லிட்டர் போகிறது என்பது இதன் பொருள்.

பாப்பில்லரி தசை முழுதாகக் கிழிந்தால் காத்திருக்க வழியில்லை. இதயத்தின் சுமையைக் குறைக்கும் பலூன் பம்பைப் பெருந்தமனிக்குள் பொருத்தி நிலையைத் தாங்கிக்கொண்டே அவசர அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும், பெரும்பாலும் வால்வையே மாற்ற நேர்கிறது. இடைச்சுவரில் முடிவு அத்தனை எளிதல்ல. ஓட்டையைச் சுற்றியுள்ள தசை நைந்த துணிபோல இருக்கிறது. தையல் அதில் நிற்காது. 1999 முதல் 2010 வரை அமெரிக்காவில் நடந்த அறுவைகளின் பதிவேட்டில், முதல் ஏழு நாள்களுக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 54 சதவீதத்தினர் இறந்தனர், அதற்குப் பிறகு செய்யப்பட்டவர்களில் சுமார் 18 சதவீதத்தினர். இதைப் பார்த்துவிட்டு எல்லோரையும் காத்திருக்க வைக்க முடியாது, ஏனெனில் காத்திருக்கும்போதே இறந்தவர்கள் இரண்டாவது கணக்கில் வரவே இல்லை. ரத்த அழுத்தம் நிலையாக இருந்து, சிறுநீரகமும் இயங்கினால், தசை சற்று இறுகும் வரை பொறுப்பது நியாயம்; அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை.

மூன்றாவது கிழிசல் வெளிச்சுவரில் நேர்வது. வில்லியம் ஹார்வி 17-ஆம் நூற்றாண்டிலேயே இறந்தவர் உடலில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கொட்டி, இதயத்தை வெளியிலிருந்து நெரிக்கிறது. உறை திடீரென விரிந்துகொடுக்காது. ஆகவே 200 மில்லி அளவே இதயத்தை நிறுத்தக்கூடும். பெரும் கிழிசலானால் மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு ஓடிக்கொண்டிருக்கும், கையில் நாடி இருக்காது. சிலரிடம் கிழிசல் சிறியதாக இருந்து, ரத்தக்கட்டு அதைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. அவர்களே காப்பாற்றத்தக்கவர்கள். நெஞ்சுவலி மீண்டும் வருவது, காரணமற்ற வாந்தி, இருப்புக்கொள்ளாத தவிப்பு, சிறிது நேரம் மயங்கித் தெளிவது ஆகியவற்றை ‘இரைப்பை எரிச்சல்’ என்று தள்ளிவிடாமல் அப்போதே எக்கோ எடுத்தால், இதயத்தைச் சுற்றிப் புதிதாகச் சேர்ந்த திரவம் தெரியும். ஊசியைச் செருகி அதை வெளியேற்றும்போதும் முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. நாடி திரும்பும் அளவுக்குச் சிறிது மட்டும் எடுத்துவிட்டு அறுவை அரங்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். ரத்த அழுத்தம் ஒரேயடியாக ஏறினால், ஓட்டையை அடைத்திருக்கும் ரத்தக்கட்டை அதுவே பிய்த்துவிடும்.