விலகிப் படுப்பது வெறுப்பினால் அல்ல

மெனோபாஸ் என்றதும் பலர் நினைப்பது மாதவிடாய் நின்றுபோவதைத்தான். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. மேற்கு நாடுகளில் 51 வாக்கில். ஆனால் மனநிலையையும் தாம்பத்தியத்தையும் அதிகம் அலைக்கழிப்பது அதற்கு முந்தைய சில ஆண்டுகள். அப்போது மாதவிடாய் வந்துகொண்டுதான் இருக்கும், கொஞ்சம் முன்பின்னாக. அதனால் 44 வயதில் ஒரு பெண் காரணமில்லாமல் எரிந்து விழும்போதோ, கணவர் தொட்டால் நகர்ந்து படுக்கும்போதோ, அதை ஹார்மோனோடு சேர்த்துப் பார்க்க இருவருக்குமே தோன்றுவதில்லை. "என்னைப் பிடிக்காமல் போய்விட்டது" என்று அவர் முடிவு கட்டுகிறார். "எனக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது" என்று இவள் முடிவு கட்டுகிறாள்.

இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாக, ஒழுங்காகக் குறைவதில்லை. சினைப்பையில் கருமுட்டைகள் குறையக் குறைய, மூளையிலிருந்து வரும் தூண்டுதல் கூடுகிறது. அந்தத் தூண்டுதலுக்குச் சினைப்பை ஒரு மாதம் அளவுக்கு மீறிப் பதில் தருகிறது, அடுத்த மாதம் பேசாமல் இருந்துவிடுகிறது. வோல்டேஜ் நிலையில்லாத வீட்டில் ஃபேன் ஓடுவதுபோல, ஈஸ்ட்ரோஜன் சில வாரங்கள் இளவயதில் இருந்ததைவிடவும் மேலே போகும், பிறகு சடாரென்று இறங்கும். இதனால்தான் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்று எடுத்த எண் அடுத்த வாரம் வேறாக இருக்கும்.

புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் கதை வேறு. கருமுட்டை வெளிவந்த பிறகுதான் அது போதிய அளவு சுரக்கும். முட்டை வெளிவராத மாதங்கள் கூடக்கூட, அது முதலில் குறைந்துவிடுகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலில் உண்டாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையைச் சாந்தப்படுத்தும் காபா அமைப்பின் மேல் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜனோ, மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் உற்பத்திக்குக் கைகொடுப்பது. ஒன்று குறைந்து, மற்றொன்று தாறுமாறாகும்போது, சின்னச் சத்தம்கூடத் தலையில் இடிப்பதுபோல் இருக்கும்.

எல்லாப் பெண்களுக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. "என் அம்மாவுக்கு, என் அக்காவுக்கு இப்படியெல்லாம் இல்லையே" என்று சொல்லும் கணவர்கள் 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மூன்று வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துவிட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் அவர்களுக்கே தெரியாமல் வெற்று மருந்துக்கு மாற்றினார்கள். மாற்றப்பட்டவர்களில், முன்பு இந்தப் பருவத்தில் மனச்சோர்வு கண்டிருந்தவர்களுக்கு அது திரும்ப வந்தது. அப்படி எதுவும் காணாதவர்களுக்கு வரவில்லை. ரத்தத்தில் இருந்த ஹார்மோன் அளவு இரு சாராருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அதாவது, ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதன் ஏற்ற இறக்கத்தை அந்தப் பெண்ணின் மூளை எப்படி உணர்கிறது என்பதே தீர்மானிக்கிறது. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு மேல் தூக்கம். மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் உடல்வெப்பத்தைச் சீராக வைக்கும் நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். அது விலகியதும் அவை மிகையாகத் துடிக்கின்றன. உடல் தாங்கிக்கொள்ளும் வெப்ப இடைவெளி சுருங்கிவிடுகிறது. அரை டிகிரிக்கும் குறைவான ஏற்றத்தையே பெரிய சூடு என்று எடுத்துக்கொண்டு உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது. பகலில் முகமும் கழுத்தும் காந்தும். இரவில் ஜாக்கெட் நனைந்து விழிப்பு வரும். இந்த நிலையில் பக்கத்தில் ஒரு கை வந்து விழுந்தால், அது அன்பான கையாகவே இருந்தாலும், உடம்பு முதலில் உணர்வது சூட்டைத்தான். இரவில் அவள் தள்ளிப் படுப்பதற்குப் பல வீடுகளில் இதுவே நேரடிக் காரணம். காலையில் அவளிடம் மிஞ்சியிருப்பது தூக்கம் கெட்ட பொறுமை.

ஆனால் நெருக்கத்தை அதிகம் குலைப்பது வலி. வெளியே பேசப்படாததால், இதைக் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். யோனிச் சுவரின் மேல்தோல் தடிப்பாகவும் ஈரமாகவும் நெகிழ்வாகவும் இருப்பது ஈஸ்ட்ரோஜனால். அந்தத் தோலில் சேரும் கிளைகோஜனை உண்டு வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே அமிலத்தன்மையைக் காத்து, கிருமிகளை அண்டவிடாமல் செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தோல் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அமிலத்தன்மை போகிறது. உறவின்போது எரிச்சல், கீறல், சில சமயம் ரத்தம். அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு.

ஒருமுறை வலித்தால், அடுத்த முறை இடுப்படித் தசைகள் தாமாகவே இறுகிவிடும். இறுகினால் இன்னும் வலிக்கும். நாலு முறை இப்படி ஆனபிறகு அவள் உறவை மட்டும் தவிர்ப்பதில்லை. உறவில் போய் முடியக்கூடிய எல்லாவற்றையும் தவிர்க்கத் தொடங்குகிறாள்: தோளில் சாய்வது, கை கோப்பது, ஒன்றாக அமர்ந்து டிவி பார்ப்பது வரை. கணவர் கண்ணில் படுவது இந்தக் கடைசி விலகல் மட்டும். முதலில் இருந்த வலி அவருக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை.

ஆசையைப் பற்றியும் ஒன்று. நெருக்கமாக இருப்பதற்கு முன்னால் ஆசை தானாக எழ வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நீண்ட நாள் தாம்பத்தியத்தில் இருக்கும் பல பெண்களுக்கு வரிசை வேறு: பேச்சும் தொடுதலும் நிதானமும் முதலில், ஆசை அதன் பிறகு. கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் இதை விளக்கினார். தொடுதலே வலியின் முன்னறிவிப்பாகிவிட்டால் இந்த வழி முதல் படியிலேயே அடைபட்டுவிடும். "அவளுக்கு ஆசையே போய்விட்டது" என்று தோன்றும் இடத்தில், ஆசை எழ வேண்டிய பாதைதான் போயிருக்கிறது.

ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். அவளுக்கு 48 வயது, மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அவருக்கு 53. சில மாதங்களாக அவள் மகள் அறையில் படுக்கிறாள். ஒரு இரவு, விளக்கு அணைத்த பிறகு அவர் கேட்கிறார்: "இன்னும் எத்தனை நாளுக்கு இப்படி?" அவள் "எனக்கு முடியல" என்று எழுந்து போகிறாள். கேள்வியில் தப்பில்லை, கேட்ட இடமும் நேரமும்தான் தப்பு. படுக்கையில் கேட்டால் அது கேள்வியாக இல்லாமல் கோரிக்கையாகவே காதில் விழும். அவளும் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் பார்ப்பாள்.

இதே பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடியில், துணி மடிக்கும்போது வேறு மாதிரி போகும். "நீ தூங்கி ரொம்ப நாளாச்சும்மா, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றத பாக்குறேன். உடம்புக்கு என்ன செய்யுது?" அவர் தொடங்கியது தன் குறையிலிருந்து அல்ல, தான் கண்ணால் பார்த்ததிலிருந்து. அவள் கொஞ்ச நேரம் கழித்து, "என்னங்க, உங்கமேல கோபமெல்லாம் இல்ல. ராத்திரி உடம்பு காந்துது. அதோட... சேர்ந்தா வலிக்குது, எரியுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்கிறாள். அவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல: "எவ்வளவு நாளா?" அதற்கு அடுத்து அவர் சொல்லக்கூடியதில் மிகவும் உதவுவது இது: "சரியாகுற வரைக்கும் அது வேண்டாம். பக்கத்துல மட்டும் படு, போதும்." இது வெறும் ஆறுதல் இல்லை. தொட்டால் அது எங்கேயும் போய் முடியாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இறுகிய தசை தளரும், கை கோப்பது திரும்ப வரும். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றவும் வேண்டும். ஒருநாள் மீறினால் மொத்தமும் பழைய இடத்துக்குப் போய்விடும்.

அவர் மனதில் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். "நீ ஒதுங்கினப்ப, என்னை வேண்டாம்னுட்டியோன்னு இருந்துச்சு" என்பது அவள் கேட்டுக்கொள்ளக்கூடிய வாக்கியம். "எல்லாத்துக்கும் மெனோபாஸ்னு சொல்லாதே" என்பது அப்படியல்ல. சண்டை நடக்கும்போது "உன் ஹார்மோன் பேசுது" என்பதும் கூடவே கூடாது. அவள் கோபத்துக்கு நியாயமான காரணமும் இருக்கலாம்: வயதான மாமியாரைப் பார்ப்பது, வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவள் தலையில்தானே. ஹார்மோன் கோபத்தின் அளவைக் கூட்டலாம். அதற்காகக் காரணம் பொய்யாகிவிடாது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மகப்பேறு மருத்துவரிடம் போகலாம், கணவரும் கூடப் போகலாம். "சேரும்போது வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சூடு, வியர்வையைக் கேட்கும் மருத்துவர்கள்கூட இதைக் கேட்காமல் விடுவதுண்டு. உடல் காந்துவது சில ஆண்டுகளில் பெரும்பாலும் தணியும். யோனி வறட்சி அப்படித் தணிவதில்லை, கவனிக்காவிட்டால் கூடும். ஆனால் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். உறவின்போது நீர் அடிப்படையிலான லூப்ரிகண்ட். வாரம் சில நாள் போடும், யோனிக்கென்றே உள்ள மாய்ஸ்சரைசர். போதாவிட்டால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம். கிரீமை வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை போடச் சொல்வார்கள். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரையும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இரண்டாவது வாரத்தில் "இன்னும் சரியாகலையா" என்று கேட்பது சிகிச்சையையே கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. சோர்வும் எரிச்சலும் தைராய்டு குறைபாட்டாலும் ரத்தசோகையாலும் வரும். இரண்டும் நம் பெண்களிடம் அதிகம், இரண்டையும் எளிய ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு ஹார்மோன் ஒரே நாளில் விழுவதால் எல்லாமே கடுமையாக இருக்கும்; அவர்கள் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழ வேண்டாம் என்ற பேச்சு வந்தாலோ, அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய மனச்சோர்வு. அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்து மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் காட்டிவிட வேண்டும். நெருக்கம் திரும்பியவர்களுக்கு இன்னொன்று: முட்டை எப்போதாவது வெளிவரும் என்பதால் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது. 50 வயதுக்குமுன் மாதவிடாய் நின்றிருந்தால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டும், அதற்குப் பிறகு நின்றிருந்தால் ஓராண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயை நாடக் கூடாது; எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.